‘சொல்லாதே’ என்று முடிந்த சுலோகம்: எழுதியதை வாய்விட்டுச் சோதிப்பது எப்படி

சில வருடங்களுக்கு முன்னர், மிதிவெடி அபாயக் கல்விக்காக ஒரு சுலோகம் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார்கள். முகமாலைக்கு அண்மையிலுள்ள கிராமங்களில் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதற்கும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் அது தேவைப்பட்டது. ஒரு பின்னேரத்தில் எழுதி முடித்தேன்.

‘தொடாதே, கிண்டாதே, தூக்காதே – பெரியவரிடம் சொல்.’

தாளில் பார்த்த எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. சந்தம் இருந்தது, சுருக்கமாக இருந்தது, சொல்லவேண்டிய நான்கு விடயங்களும் இருந்தன. முதன்முதலாக ஒரு மர நிழலில் இருபது பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தோம். நான் முன்னுக்குச் சொல்ல அவர்கள் பின்னுக்குச் சொன்னார்கள். மூன்றாம் முறை அவர்களையே தனியாகச் சொல்லவிட்டோம். இருபது குரல்களும் ஒன்றாகக் கத்தின.

‘தொடாதே! கிண்டாதே! தூக்காதே! சொல்லாதே!’

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெடிபொருளைக் கண்ட பிள்ளை அதை யாருக்கும் சொல்லக்கூடாது என்று எங்கள் சுலோகம் கற்பித்துவிட்டிருந்தது. பிள்ளைகள் பிழை விடவில்லை. மூன்று முறை ‘ஆதே’ என்று முடிந்த சந்தம் நாலாவதையும் தானாக அப்படியே முடித்தது. பிழை நான் எழுதியதில்தான் இருந்தது.

ஒரு சுலோகத்தை எழுதியபின் அதை எப்படி வாய்விட்டுச் சோதிப்பது என்று அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். பதாகை எழுதுபவர்கள், அறிவித்தல் எழுதுபவர்கள், போராட்டத்துக்குக் கோஷம் எழுதுபவர்கள் என எங்களிடையே பலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் இரவோடிரவாக எழுதி, விடியக் காலமை ஒலிவாங்கியைப் பிடிப்பதே எங்கள் வழக்கம்.

ஏன் முகமாலையில் ஒரு சொல் முக்கியம்

2000 ஏப்ரலில் ஆனையிறவுத் தளம் வீழ்ந்தபின், கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்துக்குக் குறுக்கே முன்னரங்கு நிலை அமைந்தது. போரின் கடைசிக் கட்டம் வரை இரு தரப்பும் அங்கே எதிரெதிரே நின்றன. அந்த மண்ணில் எவ்வளவு வெடி புதைக்கப்பட்டது என்று அந்தப் பகுதி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிர்வாகத்தில் முகமாலை கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரிவுக்குள் வந்தாலும், நிலத்தால் அது குடாநாட்டோடு சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் அங்கே ஆண்டுக்கணக்காக வெடி அகற்றி வருகின்றன. 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நாட்டின் கண்ணிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன் 1.

வெடி அகற்றும் வேலை ஒரு பக்கம் நடக்க, பக்கத்துக் காணியில் சனம் மீள்குடியேறித் தோட்டம் செய்கிறது. விறகு பொறுக்கப் போகிறார்கள், மாடு தேடிப் போகிறார்கள், பழைய இரும்பு பொறுக்குகிறார்கள். அபாயக் கல்வி இந்த இடைக்காலத்துக்கானது. கண்ணிவெடி நடவடிக்கைக்கான சர்வதேசத் தரங்களில் 12.10 என்ற இலக்கமுள்ள ஆவணம் இந்தக் கல்வியைப் பற்றியது. எந்தச் செய்தியையும் அதைக் கேட்கப்போகிற மக்களிடமே முதலில் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி. அதை நான் வாசித்திருந்தேன். ஆனால் ‘சோதிப்பது’ என்றால் தாளைக் காட்டி ‘விளங்குதோ’ என்று கேட்பது என்றே நினைத்திருந்தேன்.

தமிழில் ‘வேண்டாம்’ வாலில் இருக்கிறது

இங்கிலீசில் ஒரு செயலைத் தடுக்கும்போது தடைச்சொல் முன்னுக்கு வந்துவிடும். சிங்களத்திலும் தொடாதே என்பதை ‘அல்லன்ன எப்பா’ என்பார்கள், ‘எப்பா’ தனிச்சொல்லாகப் பின்னுக்கு நிற்கும். தமிழில் அது தனியாக நிற்பதுமில்லை. வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. எடு, எடுக்காதே. தொடு, தொடாதே. முதலில் காதில் விழுவது செயல். அதைச் செய்யக்கூடாது என்பது கடைசியில்தான் வருகிறது.

தாளில் இது பிரச்சினையே அல்ல, கண் முழுச் சொல்லையும் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். ஒலிபெருக்கியில் அப்படியல்ல. காற்று அடிக்கும், மோட்டார் இரையும், வாசிப்பவர் மூச்சு முடிகிற இடத்தில் குரல் தாழ்ந்துபோகும். முதலில் விழுங்கப்படுவது சொல்லின் வால்தான். ‘கண்டால் எடுக்காதே’ என்று அறிவித்தால் தூரத்தில் நிற்பவருக்குக் ‘கண்டால் எடுக்க…’ என்றுதான் கேட்கும்.

இரண்டாவது சிக்கல் சந்தம். ஒவ்வொரு அடியின் கடைசியும் ஒத்துவருவதை இலக்கணம் இயைபு என்கிறது. சுலோகம் மனதில் நிற்பதற்கு அதுதான் காரணம், எங்களை விழுத்தியதும் அதுதான். ஒரே முடிவை மூன்று முறை கேட்ட காது நாலாவது முறை கவனிப்பதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்குகிறது. ஆகவே செய்யாதே என்பவற்றையும் செய் என்பதையும் ஒரே சந்தச் சங்கிலியில் கோர்க்கக்கூடாது. ஒரு சுலோகம் முழுக்கத் தடையாக இருக்கலாம், அல்லது முழுக்க ஏவலாக இருக்கலாம். கலந்தால் பெரும்பான்மை சிறுபான்மையை விழுங்கிவிடும்.

வெட்டிப் பார்ப்பது

அதன்பின் நாங்கள் செய்த முதற் சோதனை வெட்டிப் பார்ப்பது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓட்டோ மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 4 மீற்றர் நகரும். ஒரு வீட்டுக்கு முன்னும் பின்னும் 50 மீற்றர் வரைக்கும்தான் சொல் தெளிவாகக் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்குக் கிடைப்பது 25 செக்கன். அதற்குள் அறிவித்தல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது அவர்கள் கையில் இல்லை. பாதியில் பிடிப்பார்கள், பாதியில் விடுவார்கள். யாரும் சுலோகத்தைத் தலையிலிருந்து வால்வரை கேட்பதில்லை.

ஆகவே சுலோகத்தை மூச்சு விடக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே வாய்விட்டு வாசிக்கவேண்டும். ஒவ்வொரு துண்டிடமும் ஒரே கேள்விதான்: இதை மட்டும் கேட்ட ஆள் என்ன செய்வார்? ஆபத்தான ஒன்றைச் செய்வார் என்றால் முழுச் சுலோகமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளவேண்டியதுதான்.

முதற் சுலோகத்தை இப்படி வெட்டியபோது ‘தொடா…’, ‘கிண்டா…’, ‘தூக்கா…’ என்று வந்தது. மூன்றும் செய்யக்கூடாத செயலையே நினைவூட்டுகின்றன. நல்ல துண்டு ‘பெரியவரிடம் சொல்’ மட்டும்தான், அதையும் பிள்ளைகள் மாற்றிவிட்டார்கள்.

வெட்டும்போது இன்னொன்றும் வெளியே வந்தது. ‘மிதிவெடி’ என்பது எங்கள் வாயில் ஒரே சொல். ஆனால் ஒலிபெருக்கியில் நிறுத்தி அழுத்திச் சொல்லப் பழகிய ஒருவர் ‘மிதி… வெடி’ என்று வாசித்தார். அது இரண்டு ஏவல்களாகக் கேட்டது. மிதி என்கிறது ஒன்று, வெடி என்கிறது மற்றது. எழுத்தில் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. சொல்லை மாற்ற நாங்கள் விரும்பவில்லை. ‘கண்ணிவெடி’ என்றால் எங்கள் பக்கத்தில் பலருக்கு வாகனத்துக்கு வைக்கும் பெரிய வெடிதான் நினைவுக்கு வரும், கால் வைத்தால் வெடிப்பது மிதிவெடிதான். ஆகவே சொல்லை அப்படியே விட்டு, உருபைச் சேர்த்தோம். ‘மிதிவெடியை’ என்று எழுதினால் வாசிப்பவர் ‘யை’ வரைக்கும் ஒரே மூச்சில் போயாகவேண்டும், நடுவில் நிறுத்த இடமில்லை.

மாற்றாக வந்த சொற்கள்

தடைச்சொற்களை விட்டுவிட்டு, என்ன செய்யவேண்டுமோ அதை மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தோம். அங்கேதான் உண்மையான வேலை தொடங்கியது. ஒவ்வொரு நல்ல சொல்லும் வாய்விட்டுச் சொன்னவுடன் வேறொன்றாக மாறியது.

முதலில் ‘கண்டால் விலகு’ என்று எழுதினேன். பேச்சில் ‘ல்’ தேய்ந்து ‘கண்டாவிலகு’ என்றாகிறது. தூரத்தில் நின்று கேட்ட ஒரு பெண், ‘கண்டாவளையில என்னவாம்?’ என்று கேட்டார். கண்டாவளை பக்கத்துப் பிரிவு, அங்கே ஏதோ கூட்டம் என்று நினைத்துவிட்டார். இது ஆபத்தில்லாத பிழை. ஆனால் ‘விலகு’ என்பதில் ஆபத்தான பிழையும் இருந்தது. றோட்டில் வாகனம் வந்தால் விலகு என்போம், அதன் பொருள் பாதையை விட்டு ஓரமாகப் போ என்பது. வெடி உள்ள நிலத்தில் ஒருவர் செய்யவே கூடாதது அதுதான். பலர் நடந்து பழகிய தடத்தை விட்டு இறங்கும் ஓர் அடியிலேயே எல்லாம் நடந்துவிடும்.

அடுத்து ‘திரும்பு’. வந்த வழியே போ என்ற பொருளில் எழுதினேன். சோதித்த பையன் ஒருவன் நின்ற இடத்திலேயே சுழன்று காட்டினான். திரும்பு என்றால் அதுவும்தானே. அதோடு, அபாயப் பகுதிக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்தால் அசையாமல் நின்று உதவி கேட்பதுதான் இன்று கற்பிக்கப்படும் பாடம். சொல் இரு பொருள் தந்தது, இரண்டும் பாடத்துக்கு வெளியே இருந்தன.

‘தள்ளி நில்’ நன்றாக இருந்தது. வெட்டிப் பார்த்தால் ‘தள்ளி’ தனியே நிற்கிறது. இடைவெளி விடு என்பதும் அதுதான், கையால் தள்ளு என்பதும் அதுதான்.

‘கண்டால் நில்லு, கத்திச் சொல்லு’ என்று எழுதியபோது வேலை முடிந்தது என்றே நினைத்தேன். நில்லு, சொல்லு என்று சந்தம் தானாக வந்தது. ஆனால் முதல் வாசிப்பிலேயே பிள்ளைகள் சிரித்தார்கள். ‘கத்தி என்ன சொல்லும்?’ என்று ஒரு சின்னவள் கேட்டாள். எழுத்தில் ‘ச்’ வந்து அது வினை என்று காட்டுகிறது. வாயில் அந்த ஒற்று அவ்வளவு அழுந்தாது. சிரிப்பு வந்த சுலோகத்தைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள், ஆனால் அவர்கள் நினைவில் நிற்பது கத்தியாகத்தான் இருக்கும்.

ஒலிபெருக்கி தன்னோடு கொண்டுவருவது

இதுவரை சொற்களை அறைக்குள்ளும் மர நிழலிலும் வைத்துச் சோதித்தோம். ஓட்டோவில் ஏற்றியபோது வேறு இரண்டு விடயங்கள் தெரியவந்தன.

ஒரு சுலோகம் தனியே கேட்கப்படுவதில்லை. அதே குரலில், அதே வகையான ஒலிபெருக்கியில், அதே ஒழுங்கையால் வேறு அறிவித்தல்களும் வருகின்றன. பாண் ஓட்டோ பாட்டோடு வரும். பழைய இரும்பு வாங்குபவர்களும் ஒலிபெருக்கியோடுதான் வருவார்கள். இரும்பு, பித்தளை எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். நாங்கள் ஒரு மாற்றுச் சுலோகத்தில் ‘இரும்பைக் கண்டு எடுக்கவேண்டாம்’ என்று வைத்திருந்தோம். அதைக் கேட்டு ஒரு வீட்டுக்காரர் படலைக்கு வந்து ஓட்டோவை மறித்தார். கையில் ஒரு பையில் பழைய இரும்பு. இரும்பு, எடுக்க என்ற இரண்டு சொற்களே அவரை எட்டியிருந்தன, மிச்சத்தை வழக்கமான அறிவித்தலிலிருந்து அவரே நிரப்பிக்கொண்டார். பழைய இரும்பு பொறுக்கும்போதுதான் வெடிபொருள் கையில் அகப்படுகிறது என்பதால், இதைவிட மோசமான பிழை இருக்கமுடியாது. ‘எடு’ என்ற வினையை எந்த வடிவத்திலும் பாவிப்பதில்லை என்று அன்றே தீர்மானித்தோம்.

இரண்டாவது விடயம் அகராதியில் இல்லை. பெரியவர்களுக்கான அறிவித்தலில் ‘உடனே வெளியேறுங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. பரீட்சித்துப் பார்த்த நாளில், நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கு ஓட்டோவின் சத்தம் தூரத்திலிருந்து வந்தது. அந்த வீட்டு அம்மம்மா எழும்பி உள்ளே போனார். திரும்பி வரும்போது அடையாள அட்டை, உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் வைத்திருக்கும் பை அவர் கையில் இருந்தது. ‘எங்கையாம் போகச் சொல்லுறாங்கள், தம்பி?’ என்று கேட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் சனத்தை வெளியேறச் சொல்லிக்கொண்டு போன இரவு அது. மழைக்குள் லட்சக்கணக்கானோர் செம்மணிப் பக்கமும் கோப்பாய்ப் பக்கமும் நடந்தார்கள். அந்த வரியை எழுதும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. நானும் அந்த இரவில் நடந்தவன்தான். எழுதும்போது கண்ணால் எழுதினேன், கேட்கும்போதுதான் எனக்கும் வயிறு குளிர்ந்தது.

இதனால் நாங்கள் சேர்த்துக்கொண்ட விதி எளிமையானது. ஒலிபெருக்கிச் சுலோகத்தை இடம்பெயர்வை அனுபவித்த வயதானவர்களிடம், முன்னறிவித்தல் கொடுத்து, அவர்கள் சம்மதத்தோடு, முதலில் சின்னச் சத்தத்தில் போட்டுக் காட்டவேண்டும். எந்தச் சொல்லில் முகம் மாறுகிறது என்று பார்க்கவேண்டும். விளக்கம் கேட்கத் தேவையில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் போதும்.

என்ன கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும்

சோதனையில் அதிகமாகப் பிழைபோவது கேள்வியில்தான். ‘விளங்கிச்சுதோ?’ என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள். வந்தவர் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை அது. அந்த ‘ஓம்’ எதையும் சொல்வதில்லை.

நாங்கள் கேட்கப் பழகிய கேள்வி, ‘இப்ப என்ன செய்யச் சொல்லுது?’ என்பது. பிள்ளைகள் என்றால் வாயால் சொல்லாமல் செய்துகாட்டச் சொல்வோம். ‘திரும்பு’ பிழை என்று தெரிந்ததும் அப்படித்தான். தாளை யாருக்கும் காட்டுவதில்லை, எழுத்தைப் பார்த்தவருடைய காது அதன்பின் எழுத்தைத்தான் கேட்கும். எழுதியவரும் வாசிக்கக்கூடாது, அவருக்கு எங்கே அழுத்துவது என்று தெரியும். ஓட்டோவில் வாசிக்கப்போகிறவரே வாசிக்கவேண்டும்.

அடுத்தது காதோடு காது. ஐந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முதலாமவருக்கு ஒருமுறை மட்டும் சொல்லி, ஐந்தாமவர் என்ன சொல்கிறார் என்று கேட்பது. சொல் மாறினாலும் பரவாயில்லை. செயல் மாறாமல் வந்துசேருகிறதா என்பதே கேள்வி.

கடைசியாகப் பாதியில் நிறுத்துவது. முதற் பாதியைச் சொல்லி, மிச்சத்தை அவர்களே முடிக்கவிடுவது. இந்த ஒன்றை முதல்நாளே செய்திருந்தால் ‘சொல்லாதே’ அன்றைக்கே, இரண்டு மூன்று பிள்ளைகளோடு, அகப்பட்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சோதித்துத் தோற்ற சுலோகம் தாளில் அழிந்தாலும் பிள்ளைகளின் வாயில் அழிவதில்லை. ஒரு கிழமை கழித்து நாங்கள் திரும்பிப் போனபோது, அந்த இருபது பேரில் சிலர் சைக்கிள் ஓடிக்கொண்டே ‘தூக்காதே, சொல்லாதே’ என்று பாடிக்கொண்டிருந்தார்கள். புதிய சுலோகத்தைச் சொல்லிக்கொடுத்து, பழையது ஏன் பிழை என்று விளங்கப்படுத்தி, இன்னும் இரண்டு முறை போகவேண்டியிருந்தது. ஆகவே முதற் சோதனையைப் பெரியவர்களோடும், மிகச் சில பிள்ளைகளோடும் மட்டும் செய்யுங்கள். பிழையானது என்று தெரிந்த சுலோகத்தைத் திருத்தாமல் அந்த இடத்தை விட்டு வராதீர்கள்.

கடைசியில் நின்றது

கடைசியில் நின்றது இதுதான்:

‘மிதிவெடியைக் கண்டால் நில்லு, கூப்பிட்டுச் சொல்லு.’

முதற் சுலோகத்தோடு ஒப்பிட்டால் இதில் கவிதை குறைவு. ஆனால் வெட்டிப் பாருங்கள். ‘நில்லு’ தனியே கேட்டால் நிற்பார். ‘கூப்பிட்டு’ தனியே கேட்டால் யாரையாவது கூப்பிடுவார். ‘சொல்லு’ தனியே கேட்டால் சொல்வார். எங்கே அறுந்தாலும் ஆபத்தான செயல் ஒன்றும் வெளியே வராது. பாதியில் நிறுத்தினால் ‘நில்லு’வின் சந்தம் ‘சொல்லு’வைத்தான் இழுத்துவருகிறது, முன்பு எங்களை விழுத்திய அதே இழுவை இங்கே எங்களுக்கு உதவுகிறது.

பெரியவர்களுக்கு அறிவிக்கும்போது ‘நில்லு’ என்று சொல்லமுடியாது. சோதித்த ஒரு ஐயா, ‘நில் எண்டு கேட்டால் சென்றிப் பொயின்ரில நிக்கிற மாதிரிக் கிடக்கு’ என்றார். ‘நில்லுங்கோ, கூப்பிட்டுச் சொல்லுங்கோ’ என்று மாற்றினோம். மரியாதையும் வந்தது, சந்தமும் கெடவில்லை, அது எங்கள் ஊர் ஆள் சொல்வதுபோலவும் கேட்டது. இதையே தடைச்சொல்லில் செய்திருந்தால் ‘தொடாதேங்கோ’ என்று வால் இன்னும் நீண்டு, காற்றில் இன்னும் கெதியாக அறுந்திருக்கும்.

இந்தச் சுலோகத்துக்கும் எல்லை உண்டு. ‘கண்டால்’ என்கிறது, ஆனால் புதைந்த வெடி கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு அடையாளப் பலகைக்கு அப்பால் போகக்கூடாது, பாவனையில் உள்ள தடத்தை விட்டு இறங்கக்கூடாது, பழைய இரும்பு பொறுக்கக்கூடாது என்பவை இதில் இல்லை. அவற்றை வகுப்பில், படத்தோடு, ஆறுதலாகத்தான் சொல்லவேண்டும். சுலோகம் ஒரு செயலைத்தான் சுமக்கும். இரண்டாவதை ஏற்றினால் முதலாவதும் விழுந்துவிடும். யாருக்குச் சொல்வது என்பதையும் ஒவ்வொரு அறிவித்தலின் முடிவிலும் சாதாரண வசனமாகச் சேர்த்தோம்: கிராம சேவையாளருக்கு, அல்லது 119இல் பொலிசுக்கு.

பதாகை எழுதுபவர்களுக்கு

வெடியோடு தொடர்பில்லாத சுலோகங்களுக்கும் இதே சோதனைகள் பொருந்தும். எங்கள் குடாநாட்டுப் பேச்சுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். நாங்கள் பெரும்பாலும் ழகரத்தையும் ளகரத்தையும் ஒரே மாதிரித்தான் உச்சரிக்கிறோம். ‘நீதி அளி’ என்று பதாகையில் எழுதினால் சரியாக இருக்கிறது. ஒலிவாங்கியில் கத்தினால் அது ‘நீதி அழி’ என்றும் கேட்கும். ‘வாக்களிப்போம்’ என்பதும் அப்படியே. இதற்கு உச்சரிப்புப் பயிற்சி தேவையில்லை, சொல்லை மாற்றினால் போதும். ‘நீதி தா’ என்பதை எந்த வாயும் கெடுக்காது.

வால் அறுகிற பிரச்சினையும் அங்கே இருக்கிறது. நினைவுகூரலில் ‘மறவோம்’ என்று முன்னுக்கு ஒருவர் சொல்ல, பின்னுக்கு நூறு பேர் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் ‘மறப்போம்’ என்பதற்கும் இடையில் இருப்பது நடுவிலுள்ள ஒரு சின்ன ஒலி. கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பாருங்கள். ‘நினைவில் வைத்திருப்போம்’ நீளம்தான், ஆனால் எங்கே அறுந்தாலும் நினைவுதான் மிஞ்சும்.

இப்போதும் ஏதாவது எழுதிக்கொடுத்தால், அதை முதலில் மனைவியிடம் கொடுத்து, குசினிக்குள் நின்று உரத்து வாசிக்கச் சொல்வேன். நான் கிணற்றடியில் நின்று கேட்பேன். அங்கே வந்துசேருவதைத்தான் திருத்துவேன்.